பாதி தீர்ந்த பேட்டரி 13 வோல்ட் காட்டுவது ஏன்?

பாதி தீர்ந்த ஒரு 12 வோல்ட் இன்வெர்ட்டர் பேட்டரி. மல்ட்டிமீட்டரை வைத்து அளந்தால் 12.2 வோல்ட். ஒரே சர்க்யூட் படத்தைப் பார்த்துச் செய்த இரண்டு பேட்டரி மீட்டர்களை இதோடு இணைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 13.0 என்கிறது, மற்றது 11.4 என்கிறது. முதலாவதை நம்பினால் பேட்டரி முழுதாக நிறைந்திருக்கிறது. இரண்டாவதை நம்பினால் அது செத்தே போய்விட்டது. சால்டரிங்கில் கோளாறு இல்லை, புரோகிராமிலும் இல்லை. மாட்டிய உதிரிகள் அத்தனையும் அவற்றின் மேல் குறித்திருக்கும் தரத்துக்கு உட்பட்டவைதான். அப்படியும் இவ்வளவு வித்தியாசம் வர முடியும். ஒவ்வொரு மீட்டரிலும் இருக்கும் இரண்டு ரெசிஸ்டர்களின் ஓரத்தில் பூசிய தங்க நிறப் பட்டையே இதற்கு இடம் கொடுத்துவிடுகிறது.

இந்த மீட்டரில் ரெசிஸ்டருக்கு என்ன வேலை? ஆர்டுயினோ ஊனோ போன்ற சிறிய போர்டுகள் 5 வோல்ட் வரைதான் அளக்கும். 12 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் சிப் போய்விடும். அதனால் இரண்டு ரெசிஸ்டர்களை வரிசையாக இணைத்து பேட்டரியின் இரு முனைகளுக்கும் நடுவே போடுகிறார்கள். மேலே, பிளஸ் பக்கம் 20 கிலோ ஓம். கீழே, மைனஸ் பக்கம் 10 கிலோ ஓம். இரண்டும் சேரும் இடத்திலிருந்து போர்டுக்கு ஒரு வயர். மொத்தம் 30, அதில் கீழே இருப்பது 10. ஆகவே அந்த இடத்தில் கிடைப்பது பேட்டரி வோல்டேஜில் மூன்றில் ஒரு பங்கு. 12.2 இருந்தால் அங்கே 4.07 வரும். புரோகிராம் அதை மூன்றால் பெருக்கித் திரையில் காட்டும். வோல்டேஜ் டிவைடர் என்பது இவ்வளவுதான். கணக்கில் மூன்று சரியாக மூன்றாகவே இருக்கிறது. கையில் இருக்கும் ரெசிஸ்டர்களில் அப்படி இருக்குமா என்பதுதான் கேள்வி.

முதலில் சரியான ரெசிஸ்டரை எடுத்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிய உருளையில் எண்ணை அச்சடித்தால், போர்டில் மாட்டும்போது அந்த எண் அடிப்பக்கம் போய் மறைந்துகொள்ளும். சுற்றிலும் வளையமாகப் பூசிய நிறம் எந்தப் பக்கம் திரும்பினாலும் தெரியும். நிறத்துக்கு ஓர் இலக்கம்: கறுப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. நடுவில் சிவப்பு முதல் ஊதா வரை வானவில்லின் வரிசைதான் என்பதால் மனப்பாடம் செய்ய வேண்டியது இரு ஓரங்களில் இருப்பதை மட்டும்.

நான்கு பட்டை உள்ளதில் முதல் இரண்டு இலக்கங்கள், மூன்றாவது எத்தனை சுழி சேர்க்க வேண்டும் என்பது. பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு என்றால் 1, 0, பின்னால் மூன்று சுழி: 10,000 ஓம், அதாவது 10 கிலோ ஓம். சிவப்பு, கறுப்பு, ஆரஞ்சு என்றால் 20 கிலோ ஓம். நான்காவது பட்டை தங்கமாக இருந்தால் உண்மையான மதிப்பு சொன்னதிலிருந்து 5 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். வெள்ளி என்றால் 10 சதவீதம். இதைத்தான் டாலரன்ஸ் என்கிறார்கள். தங்கமும் வெள்ளியும் முதல் இலக்கமாக வராது. எனவே நான்கு பட்டை ரெசிஸ்டரை எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது என்ற குழப்பமும் வராது.

வம்பு ஐந்து பட்டையில்தான். நீல உடம்போடு வரும் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்கள் பெரும்பாலும் 1 சதவீத டாலரன்ஸ் கொண்டவை. அவற்றில் மூன்று இலக்கம், பிறகு சுழிகளின் எண்ணிக்கை, கடைசியில் டாலரன்ஸ். 1 சதவீதத்துக்குப் பழுப்பு, 2 சதவீதத்துக்குச் சிவப்பு. ஆக 10 கிலோ ஓம், 1 சதவீதம் என்பது பழுப்பு, கறுப்பு, கறுப்பு, சிவப்பு, பழுப்பு. இதைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துப் பாருங்கள்: பழுப்பு, சிவப்பு, கறுப்பு, கறுப்பு, பழுப்பு. 1, 2, 0, சுழி எதுவும் சேர்க்க வேண்டாம், 1 சதவீதம். அதாவது 120 ஓம். தப்பாகப் படித்தும் கடையில் நிஜமாகவே கிடைக்கும் ஒரு மதிப்பு வந்து நிற்கிறது, அதனால் தப்பு என்று சந்தேகமே எழாது. டாலரன்ஸ் பட்டைக்கு முன்னால் சற்றே அதிக இடைவெளி விட வேண்டும் என்பது மரபு. மலிவான ரெசிஸ்டர்களில் அந்த இடைவெளியைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு நீலப் பின்னணியில் பழுப்பும் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றுபோலத் தெரியும், அதுவும் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில்.

இப்படி மாறிய 120 ஓம், டிவைடரில் கீழே போய் உட்கார்ந்தால் திரையில் 0.2 வோல்ட் வரும். ஏதோ தப்பு என்று உடனே தெரிந்துவிடும். மேலே போய் உட்கார்ந்தால் பேட்டரியின் 12 வோல்ட்டும் ஏறக்குறைய முழுசாகப் போர்டின் காலில் வந்து விழும். அதற்கப்புறம் திரையில் எதுவும் வராது. அதனால் ஐந்து பட்டை ரெசிஸ்டரை மாட்டுமுன் மீட்டரில் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. போர்டில் மாட்டுமுன் என்பதை அழுத்திச் சொல்கிறேன். மாட்டிய பிறகு அளந்தால் சர்க்யூட்டின் மற்ற வழிகளும் சேர்ந்துகொண்டு மதிப்பைக் குறைத்துக் காட்டும். இன்னொரு வேடிக்கை: சாதாரண டிஜிட்டல் மல்ட்டிமீட்டரின் 20 கிலோ ஓம் ரேஞ்ச் 19.99 வரைதான் காட்டும். 20 கிலோ ஓம் ரெசிஸ்டர் கொஞ்சம் குறைவாக இருந்தால் 19.9 சொச்சம் வரும். கொஞ்சம் கூடுதலாக இருந்தால் ரேஞ்சைத் தாண்டியதற்கு அடையாளமாக இடதுபக்கம் வெறும் 1 வந்து நிற்கும். ரெசிஸ்டர் பழுது என்று அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். 200 கிலோ ஓம் ரேஞ்சுக்கு மாற்றினால் போதும்.

சென்னை ரிச்சி தெருவில் போய் 25 கிலோ ஓம் ரெசிஸ்டர் கேட்டால் 24 தரட்டுமா, 27 தரட்டுமா என்றுதான் பதில் வரும். 40 கேட்டால் 39. 50 கேட்டால் 47 அல்லது 51. முழு எண்களை விட்டுவிட்டு இப்படி விநோதமான எண்களில் ஏன் செய்கிறார்கள்? செருப்புக் கடையில் ஒவ்வொரு பாதத்தின் நீளத்துக்கும் ஒரு ஜோடி வைப்பதில்லை, ஏழு, எட்டு, ஒன்பது என்று அளவு வைக்கிறார்கள் அல்லவா, அதே காரணம்தான். ஆனால் ரெசிஸ்டரில் இந்த அளவுகளை முடிவு செய்தது டாலரன்ஸ்.

10 சதவீத டாலரன்ஸ் உள்ள காலத்தை எடுத்துக்கொள்வோம். 39 என்று குறித்த ரெசிஸ்டர் உண்மையில் 42.9 வரை இருக்கலாம். 47 என்று குறித்தது 42.3 வரை இறங்கலாம். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிட்டன. நடுவில் 43 என்று ஒன்றைத் தனியாகச் செய்து விற்பதில் அர்த்தமே இல்லை, அது இந்த இரண்டில் ஏதோ ஒன்றாக ஏற்கெனவே இருந்துகொண்டிருக்கும். இப்படி 10-லிருந்து 100 வரை ஒன்றின் எல்லை முடியும் இடத்தில் அடுத்ததன் எல்லை தொடங்குமாறு பிரித்தால் 12 எண்கள் போதும்: 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82. ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஏறக்குறைய 21 சதவீதம் கூடுதல். கூட்டல் படியாக இல்லாமல் பெருக்கல் படியாக ஏறுவதால்தான் எண்கள் அப்படி விநோதமாக அமைகின்றன. இதற்கு இ-12 வரிசை என்று பெயர். 5 சதவீதத்துக்கு இடைவெளிகளை நிரப்பி 24 எண்கள், அது இ-24. நம் 20, கடைக்காரரின் 24, 51 எல்லாம் அதில் வருபவை. 1 சதவீதத்துக்கு 96 எண்கள் கொண்ட இன்னொரு வரிசையும் உண்டு. சில்லறைக் கடைகளில் அது முழுதாகக் கிடைக்காது, 1 சதவீத ரெசிஸ்டரையும் இ-24 மதிப்புகளில்தான் அதிகம் விற்கிறார்கள். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1952-இல் தனது 63-ஆம் எண் வெளியீட்டில் இந்த வரிசைகளை வகுத்தது. அதன் இன்றைய எண் 60063.

இனி நம் டிவைடருக்கு வருவோம். 20-ம் 10-ம், இரண்டும் தங்கப் பட்டை. மேலே உள்ள 20 உண்மையில் 19 முதல் 21 வரை எதுவாகவும் இருக்கலாம். கீழே உள்ள 10 உண்மையில் 9.5 முதல் 10.5 வரை. இரண்டும் சேர்ந்தே 5 சதவீதம் கூடினால் என்ன ஆகும்? மேலே 21, கீழே 10.5, மொத்தம் 31.5. அதில் 10.5 என்பது மிகச்சரியாக மூன்றில் ஒன்று. பிழை பூஜ்யம்! இரண்டும் சேர்ந்தே குறைந்தாலும் அப்படித்தான். டிவைடருக்கு எது எத்தனை ஓம் என்பது பொருட்டே அல்ல, ஒன்றுக்கொன்று என்ன விகிதம் என்பதுதான் பொருட்டு. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மீதி எல்லாம் பிடிபட்டுவிடும்.

விபரீதம் இரண்டும் எதிரெதிர்த் திசையில் விலகும்போது. மேலே 19, கீழே 10.5 என்று அமைந்தால் மொத்தம் 29.5, கீழ்ப் பங்கு 0.356. 12.2 வோல்ட்டுக்கு 4.07 வர வேண்டிய இடத்தில் 4.34 வரும். மூன்றால் பெருக்கினால் திரையில் 13.0. மேலே 21, கீழே 9.5 என்று அமைந்தால் கீழ்ப் பங்கு 0.311. போர்டுக்குக் கிடைப்பது 3.80, திரையில் 11.4. சதவீதத்தில் பார்த்தால் ஏறக்குறைய 6.7 இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம். 5 சதவீத உதிரிகளில் 6.7 சதவீதப் பிழை எப்படி வந்தது என்று தோன்றலாம். ஒன்று 5 கூட, மற்றது 5 குறைய, ஆக இரண்டுக்கும் நடுவே விகிதம் 10 சதவீதம் நகர்கிறது. அந்த 10-இல் எவ்வளவு வெளியே தெரியும் என்பது, மேல் ரெசிஸ்டர் மொத்தத்தில் எத்தனை பங்கு என்பதைப் பொறுத்தது. இங்கே அது மூன்றில் இரண்டு, எனவே 6.7. மேலும் கீழும் சமமாக இருந்தால் பாதிதான் தெரியும், 5 சதவீதம். பெரிய வோல்டேஜைச் சின்னத் துண்டாக வெட்டும் டிவைடரில், நூற்றில் ஒரு பங்கு என்பது போல, 10 சதவீதமும் ஏறக்குறைய அப்படியே வந்துவிடும். ஆழமாக வெட்ட வெட்டப் பிழையும் ஏறும்.

6.7 சதவீதம் பல இடங்களில் பெரிய விஷயமே இல்லை. ஒரு எல்இடி-க்கு முன்னால் போடும் ரெசிஸ்டர் இவ்வளவு மாறினால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஈய-அமில பேட்டரியில் கதை வேறு. சார்ஜும் ஏற்றாமல், லோடும் கொடுக்காமல் சில மணி நேரம் சும்மா விட்டு அளந்தால், முழுதாக நிறைந்த பேட்டரி சுமார் 12.7 வோல்ட் காட்டும், பாதியில் சுமார் 12.2, தீர்ந்தால் சுமார் 11.9. நிறைந்ததற்கும் தீர்ந்ததற்கும் நடுவே இருப்பதே மொத்தம் 0.8 வோல்ட்தான். நம் மீட்டரின் பிழையும் மேலே 0.8, கீழே 0.8. அளக்க வந்த விஷயம் முழுவதையும் பிழை விழுங்கிவிட்டது.

இன்னொரு இடத்திலும் இது தலைகாட்டும். சார்ஜ் ஏறும்போது பேட்டரி 14.4 வோல்ட் வரை போகும். டிவைடர் சரியாக இருந்தால் போர்டுக்கு 4.8, அது எல்லைக்குள்தான். கீழ்ப் பங்கு 0.356-ஆக உயர்ந்திருக்கும் மீட்டரில் அது 5.1 ஆகிவிடும். சிப் இதற்கெல்லாம் செத்துவிடாது, ஆனால் 5-க்கு மேல் அதற்குக் கணக்குத் தெரியாது. மீட்டர் 15.0-இல் போய் நின்றுகொண்டு அசையாமல் இருக்கும். சார்ஜ் போடும்போது முள் ஒட்டிக்கொண்டதுபோல ஒரே எண்ணில் நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். மேலே 20-க்குப் பதில் 22 போட்டால் போதும். இரண்டும் சேர்ந்து மிக மோசமாக விலகினாலும் 14.4-க்கு ஏறக்குறைய 4.8-தான் வரும். விகிதம் மூன்றில் ஒன்றாக வராமல் 3.2-இல் ஒன்றாக வருகிறதே என்றால், வரட்டுமே. பெருக்கப் போவது புரோகிராம், அதற்கு 3-ம் ஒன்றுதான் 3.2-ம் ஒன்றுதான். அழகான முழு எண் விகிதம் வேண்டும் என்று கிடைக்காத மதிப்பைத் தேடித் தெருத்தெருவாக அலைபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. 22, 10 இரண்டும் இ-12-இலேயே இருக்கின்றன, எந்தக் கடையிலும் கிடைக்கும்.

சரி, பிழையைக் குறைப்பது எப்படி? பழுப்புப் பட்டைக்கு மாறுவது முதல் வழி. 20-ம் 10-ம் 1 சதவீத ரெசிஸ்டர்களாக இருந்தால் மிக மோசமான நிலையிலும் 12.2-க்கு 12.04 முதல் 12.36 வரைதான் காட்டும். விலையில் வித்தியாசம் பைசாக் கணக்கு. இன்றைக்கு அளவெடுக்கும் வேலைக்குத் தங்கப் பட்டை ரெசிஸ்டரைப் போடுவதற்கு ஒரு நியாயமும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் மேலே 0.16, கீழே 0.16 மீதமிருக்கிறது. பேட்டரியின் முழு வீச்சே 0.8 என்பதால் அது ஐந்தில் ஒரு பங்கு. பாதி சார்ஜ் உள்ளதை முப்பது சதவீதம் என்றோ எழுபது என்றோ காட்டக்கூடும்.

இரண்டாவது வழி, விகிதம்தான் முக்கியம் என்ற அந்த விஷயத்தைப் பயன்படுத்திக்கொள்வது. ஃபிலிம் ரெசிஸ்டர் செய்யும்போது பீங்கான் தண்டின் மேல் மெல்லிய படலம் பூசி, அதில் திருகாணியின் மறைபோலச் சுற்றிச் சுற்றிப் பள்ளம் வெட்டுகிறார்கள். பள்ளம் நீள நீள மின்சாரம் போகும் பாதை குறுகி நீளும், ஓம் ஏறும். வேண்டிய மதிப்பு வந்ததும் வெட்டுவதை நிறுத்துகிறார்கள். ஒரே சுருளில் காகித நாடாவில் ஒட்டி வரும் ரெசிஸ்டர்கள் ஒரே ஓட்டத்தில் செய்யப்பட்டவை என்பதால், விலகினாலும் பெரும்பாலும் ஒரே பக்கமாக, ஏறக்குறைய ஒரே அளவில்தான் விலகியிருக்கும். எனவே 20-ஐயும் 10-ஐயும் தனித்தனிச் சுருளிலிருந்து எடுப்பதற்குப் பதில், ஒரே நாடாவிலிருந்து மூன்று 10 கிலோ ஓம்களை வெட்டி, இரண்டை வரிசையாக மேலேயும் ஒன்றைக் கீழேயும் போடலாம். பிழை பெரும்பகுதி தன்னைத்தானே அடித்துக்கொண்டு போய்விடும். இதற்கு எழுத்துபூர்வமான உத்தரவாதம் கிடையாது, பட்டை சொல்வது தனி ரெசிஸ்டரின் எல்லையை மட்டும்தான். உத்தரவாதம் வேண்டுமானால் ஒரே துண்டில் பல ரெசிஸ்டர்களைச் சேர்த்துச் செய்யும் நெட்வொர்க்குகள் இருக்கின்றன; அவற்றில் சில வகைகளுக்கு ஒன்றுக்கொன்று உள்ள விகிதத்தின் டாலரன்ஸையே தனியாகக் குறிப்பிட்டுத் தருகிறார்கள்.

வெயில் காலத்திலும் இதே தந்திரம் உதவும். சூட்டில் ரெசிஸ்டர் மாறும். சாதாரண மெட்டல் ஃபிலிம் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவில் மாறலாம். இன்வெர்ட்டர் பக்கத்தில் 30 டிகிரி சூடு ஏறினால் 0.3 சதவீதம். ஒரே வகை ரெசிஸ்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஏறக்குறைய சேர்ந்தே மாறும், விகிதம் பெரிதாக அசையாது. மேலே கார்பன் ஃபிலிம், கீழே மெட்டல் ஃபிலிம் என்று கலந்தடித்தால் அந்தச் சலுகை போய்விடும்.

மூன்றாவது வழியே பெரும்பாலானோர் கடைசியில் வந்து சேரும் வழி. மீட்டரைச் செய்து முடித்து பேட்டரியில் இணையுங்கள். அதே முனைகளில் நம்பகமான மல்ட்டிமீட்டரை வையுங்கள். அது 12.20 காட்டி நம் மீட்டர் 12.36 காட்டினால், புரோகிராமில் பெருக்கும் எண்ணை 3-லிருந்து 2.961-ஆக மாற்றிவிடுங்கள். 12.20-ஐ 12.36-ஆல் வகுத்து 3-ஆல் பெருக்கியது அது. ரெசிஸ்டர்கள் எந்தப் பக்கம் எவ்வளவு விலகியிருந்தாலும் இந்த ஒரு திருத்தத்தில் அடங்கிவிடும். ஒவ்வொரு மீட்டருக்கும் தனித்தனி எண் வரும், ஒன்றின் எண்ணை இன்னொன்றுக்குப் போடக் கூடாது.

இதைச் செய்யும்போது போர்டுக்கு எங்கிருந்து மின்சாரம் வருகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் ஆர்டுயினோ ஊனோ தனக்கு வரும் 5 வோல்ட்டையே அளவுகோலாக வைத்துக்கொண்டு அளக்கிறது. மேசையில் யுஎஸ்பி கேபிளில் ஓடும்போது அது 4.75-ஆக இறங்கியிருந்தால், ரெசிஸ்டர்கள் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் 12.2 வோல்ட் திரையில் 12.84 ஆகிவிடும். தங்கப் பட்டை செய்த குழப்பத்துக்கு இது சற்றும் சளைத்ததல்ல. சார்ஜரை மாற்றினால் பிழையும் மாறும் என்பதால் திருத்த எண்ணால் இதைப் பிடிக்க முடியாது. பேட்டரியிலிருந்தே 7805 ரெகுலேட்டர் வழியாக 5 வோல்ட் எடுத்துப் போர்டின் 5 வோல்ட் காலுக்குக் கொடுப்பது இங்கே நல்லது. 7805-உம் 4.8 முதல் 5.2 வரை எதுவாகவும் தரலாம் என்றுதான் அதன் டேட்டாஷீட் சொல்கிறது. ஆனால் கையில் இருக்கும் அந்த ஒன்று 4.93 தந்தால் நாளைக்கும் 4.93-ஐ ஒட்டியே தரும். அதைப் பொருத்தி, யுஎஸ்பி கேபிளைக் கழற்றி, மூடியைத் திருகி மூடுவதற்கு முன்னால் திருத்த எண்ணைக் கண்டுபிடித்துப் போட்டுவிட வேண்டும்.